லைட்ஸ் அவுட்: வரிசை ஏன் பொருட்டல்ல, ஒற்றை இரட்டை எப்படித் தீர்வு தருகிறது

கேள்வி: லைட்ஸ் அவுட் புதிரில் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தினாலும் முடிவு ஒன்றுதான் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மூலையை அணைத்தால் இன்னொரு மூலை எரிகிறது, சில சமயம் இரண்டே விளக்குகள் மிஞ்சி நின்று போக மறுக்கின்றன. ஒற்றைப்படை, இரட்டைப்படையை வைத்தே தீர்வு கண்டுபிடிக்கலாமாமே, அது எப்படி?

பதில்:

டைகர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஐந்துக்கு ஐந்து பலகையையே எடுத்துக்கொள்கிறேன். 25 பொத்தான்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விளக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கும், அதற்கு மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் ஒட்டியிருக்கும் விளக்குகளும் நிலை மாறும். எரிவது அணையும், அணைந்தது எரியும். மூலைவிட்டத்தில் தொடும் கட்டங்களுக்கு எதுவும் ஆகாது. பலகை முழுவதும் இருளவேண்டும், அவ்வளவுதான்.

விளையாடும்போது நம் கண் பொத்தான்களின் பின்னால் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் பாருங்கள். நடுவிளக்கு என்று வைத்துக்கொள்வோம். அதன் நிலையை மாற்றக்கூடிய பொத்தான்கள் ஐந்துதான்: அதன் சொந்தப் பொத்தானும் நான்கு அண்டைப் பொத்தான்களும். மீதி இருபதை எத்தனை முறை அழுத்தினாலும் இந்த விளக்குக்குத் தெரியாது. இந்த ஐந்தில் எதை அழுத்தினாலும் விளக்குக்கு நேர்வது ஒரே செயல், நிலைமாற்றம். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்குமே, அதே கதைதான். எந்தச் சுவிட்சை யார் முதலில் தட்டினார்கள் என்பதை விளக்கு நினைவில் வைத்திருப்பதில்லை. மொத்தம் எத்தனை தட்டு என்பது ஒற்றையானால் நிலை மாறியிருக்கும், இரட்டையானால் பழைய நிலையே இருக்கும்.

ஆக ஒவ்வொரு விளக்கின் இறுதி நிலையையும் ஓர் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. எண்ணிக்கைக்கு முன்பின் கிடையாது. ஏழு அழுத்தங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் ஒவ்வொரு விளக்கையும் தொட்டவை அதே எண்ணிக்கையில்தான் இருக்கும். வரிசை பொருட்டல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் தேவையில்லை.

ஆனால் இது நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பொத்தான் என்ன செய்யும் என்பது பலகையின் அப்போதைய நிலையைச் சார்ந்திருக்கக் கூடாது. ரூபிக் கனசதுரத்தில் இது உடைகிறது. அங்கே ஒரு திருப்பு, துண்டுகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறது, அடுத்த திருப்பு வேறு துண்டுகளைப் பிடிக்கிறது. அதனால் வரிசை மாறினால் முடிவும் மாறுகிறது. லைட்ஸ் அவுட்டில் எந்த விளக்கும் நகர்வதில்லை. எரியும் பொத்தானை மட்டுமே அழுத்தலாம் என்று விதி வைத்து விளையாடுபவர்களும் இருக்கிறார்கள். அப்போது எந்தப் பொத்தான்கள் வேண்டும் என்ற விடை மாறாது, ஆனால் எந்த நேரத்தில் எதை அழுத்த அனுமதி உண்டு என்ற புதிய சிக்கல் வந்துவிடும், அங்கே வரிசை முக்கியமாகிறது.

எண்ணிக்கையில் ஒற்றையா இரட்டையா என்பது மட்டுமே முக்கியம் என்பதால், ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்துவது அழுத்தாததற்குச் சமம். நடுவில் வேறு நூறு அழுத்தங்கள் வந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே தீர்வு என்பது படிப்படியான நகர்வுகளின் பட்டியலே அல்ல. 25 பொத்தான்களில் எவற்றை அழுத்தவேண்டும், எவற்றை விடவேண்டும் என்ற ஒரு தேர்வுதான் தீர்வு. அப்படிப்பட்ட தேர்வுகள் 2^25, அதாவது 3,35,54,432. முடிவில்லாமல் தோன்றிய ஆட்டம் இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னும் சுருக்கலாம்.

மேல் நிரையின் ஐந்து பொத்தான்களைப் பற்றி முடிவெடுத்துவிட்டோம், இனி அவற்றைத் தொடப்போவதில்லை என்று வையுங்கள். இப்போது மேல் நிரையின் முதல் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதை அணைக்க என்ன வழி? அதன் சொந்தப் பொத்தானும் பக்கத்துப் பொத்தானும் முடிந்துபோன கதை. நேர் கீழே இருக்கும் இரண்டாம் நிரைப் பொத்தான் ஒன்றுதான் மிச்சம். எரிந்தால் அதை அழுத்தியே ஆகவேண்டும், எரியாவிட்டால் அழுத்தவே கூடாது. இப்படி மேல் நிரையில் மிச்சமிருக்கும் வெளிச்சம் இரண்டாம் நிரையின் ஐந்து பொத்தான்களையும் தீர்மானித்துவிடுகிறது. இரண்டாம் நிரை மூன்றாவதை, மூன்றாவது நான்காவதை, நான்காவது ஐந்தாவதை. வெளிச்சத்தை நிரை நிரையாகக் கீழே விரட்டுவது என்று இதைச் சொல்லலாம். முடிவில் மேல் நான்கு நிரைகளும் கட்டாயமாக இருண்டிருக்கும். கடைசி நிரையில் மட்டும் ஏதாவது மிஞ்சலாம்.

மூன்றரைக் கோடித் தேர்வுகள் இப்போது மேல் நிரையின் 32 தேர்வுகளாகக் குறைந்துவிட்டன. மேல் நிரையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் கடைசி நிரையும் இருண்டிருக்கும். தவறாக எடுத்திருந்தால் மிச்சம் இருக்கும், அந்த மிச்சமே எதைத் தவறவிட்டோம் என்று சொல்லும்.

எல்லா விளக்குகளும் எரியும் பலகையில் இதைச் செய்து பார்ப்போம். 1 என்றால் எரிகிறது, 0 என்றால் அணைந்திருக்கிறது.

மேல் நிரையில் எதையும் அழுத்தாமல் தொடங்குகிறோம். மேல் நிரை முழுவதும் எரிவதால் இரண்டாம் நிரையின் ஐந்து பொத்தான்களையும் அழுத்துகிறோம். மேல் நிரை இருண்டது. மூன்றாம் நிரையும் முழுக்க அணைந்தது. இரண்டாம் நிரையின் உள்விளக்குகள் மூன்றும் தலா மூன்று முறை மாறி அணைந்தன. இரு ஓர விளக்குகள் தலா இரண்டு முறை மாறியதால் எரிந்துகொண்டே இருக்கின்றன.

```
0 0 0 0 0
1 0 0 0 1
0 0 0 0 0
1 1 1 1 1
1 1 1 1 1
```

அடுத்து, மூன்றாம் நிரையில் 1, 5 ஆகிய பொத்தான்கள்.

```
0 0 0 0 0
0 0 0 0 0
1 1 0 1 1
0 1 1 1 0
1 1 1 1 1
```

பிறகு நான்காம் நிரையில் 1, 2, 4, 5.

```
0 0 0 0 0
0 0 0 0 0
0 0 0 0 0
0 1 1 1 0
0 0 1 0 0
```

இறுதியாக ஐந்தாம் நிரையில் 2, 3, 4. மேலே எல்லாம் இருண்டுவிட்டது, கடைசி நிரையின் இரண்டு மூலைகள் மட்டும் எரிகின்றன: `1 0 0 0 1`. நீங்கள் சொன்ன, போக மறுக்கும் இரண்டு விளக்குகள் இப்படித்தான் வருகின்றன.

இந்த இடத்தில் பலரும் அந்த மூலைகளோடு மல்லுக்கட்டத் தொடங்குகிறார்கள். கீழே தேடிப் பயனில்லை. பிழை மேல் நிரையில் இருக்கிறது. எதை அழுத்தியிருக்கவேண்டும் என்று அறிய, முழுக்க இருண்ட பலகையை எடுத்து, மேல் நிரையில் ஒரு பொத்தானை மட்டும் அழுத்தி, வெளிச்சத்தைக் கீழ்வரை விரட்டி, கடைசி நிரையில் என்ன மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். ஒருமுறை செய்தால் போதும், எல்லாப் பலகைகளுக்கும் அதே பட்டியல்தான். இடது பக்கம் மேல் நிரையில் அழுத்திய பொத்தான், வலது பக்கம் கடைசி நிரையில் மிஞ்சும் வெளிச்சம்:

```
1  →  0 1 1 0 1
2  →  1 1 1 0 0
3  →  1 1 0 1 1
4  →  0 0 1 1 1
5  →  1 0 1 1 0
```

இரண்டு பொத்தான்களை அழுத்தினால் இரண்டு மிச்சங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டிலும் எரியும் இடம் அணையும், ஒன்றில் மட்டும் எரியும் இடம் எரியும். நமக்கு வேண்டியது `1 0 0 0 1`. 1, 2 ஆகிய இரண்டையும் கூட்டினால் அதுவே வருகிறது. ஆகவே மேல் நிரையில் 1, 2 ஆகியவற்றை இப்போது அழுத்திவிட்டு மறுபடி விரட்டவேண்டும். இவற்றை உண்மையில் ஆரம்பத்திலேயே அழுத்தியிருக்கவேண்டும். ஆனால் வரிசை பொருட்டல்ல என்று தெரிந்த பிறகு அதற்காகப் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. இந்த முறை முழுவதும் அந்த ஓர் உண்மையின்மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் சுற்று இப்படிப் போகும். மேல் நிரையில் 1, 2. இரண்டாம் நிரையில் 3. மூன்றாம் நிரையில் 1, 3, 4. நான்காம் நிரையில் 1, 3, 5. ஐந்தாம் நிரையில் 4, 5. பலகை இருண்டுவிட்டது.

முதல் சுற்றில் 14 அழுத்தங்கள், இரண்டாவதில் 11, ஆக 25. இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்டால் ஐந்து பொத்தான்களை இரண்டு முறை அழுத்தியிருக்கிறோம்: இரண்டாம் நிரையில் 3, மூன்றாம் நிரையில் 1, நான்காம் நிரையில் 1, 5, ஐந்தாம் நிரையில் 4. அந்தப் பத்து அழுத்தங்களும் வீண். அவற்றை நீக்கினால் எஞ்சுவது 15 பொத்தான்கள். இதில் 1 என்றால் அழுத்து, 0 என்றால் விடு:

```
1 1 0 0 0
1 1 0 1 1
0 0 1 1 1
0 1 1 1 0
0 1 1 0 1
```

எல்லாம் எரியும் பலகையில் இந்தப் பதினைந்தையும் கண்ணை மூடிக்கொண்டு எந்த வரிசையில் வேண்டுமானாலும் அழுத்திப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து பலகையில் தீர்வுள்ள எந்த நிலைக்கும் பதினைந்துக்கு மேல் அழுத்தங்கள் தேவைப்படுவதில்லை. இது அந்த உச்ச வரம்பைத் தொடும் பலகைகளில் ஒன்று.

இடையில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசி நிரையின் இரண்டு மூலைகள் மட்டும் எரிந்த அந்த நிலையை அணைக்க, மிகக் குறைந்தது 11 அழுத்தங்கள் தேவை. கூட்டல் குறி வடிவில் ஐந்து விளக்குகள் எரிந்தால் ஒரே அழுத்தம் போதும். எரியும் விளக்குகளின் எண்ணிக்கை, தீர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுவதே இல்லை. விளக்குகளைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்று விளையாடுகிறவர் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இனி ஒற்றை இரட்டையின் அடுத்த வேலை. மேலே உள்ள பட்டியலில் 1, 5 ஆகிய இரண்டின் மிச்சங்களையும் கூட்டுங்கள். `1 1 0 1 1` வருகிறது. அது 3இன் மிச்சம். அப்படியானால் மேல் நிரையில் 1, 3, 5 மூன்றையும் அழுத்தி விரட்டினால் கடைசியில் எதுவும் மிஞ்சாது. இருண்ட பலகையில் பல பொத்தான்களை அழுத்தியும் பலகை இருண்டே இருக்கிறது. அதேபோல 2, 3, 4 மூன்றும், 1, 2, 4, 5 நான்கும். இப்படி ஒன்றையும் மாற்றாமல் போகும் பொத்தான் தொகுதியை அமைதிக் கோலம் என்று அழைக்கிறேன். இரண்டு இதோ:

```
1 0 1 0 1      1 1 0 1 1
1 0 1 0 1      0 0 0 0 0
0 0 0 0 0      1 1 0 1 1
1 0 1 0 1      0 0 0 0 0
1 0 1 0 1      1 1 0 1 1
```

மூன்றாவது, இவை இரண்டையும் கூட்டினால் கிடைப்பது. எதையுமே அழுத்தாததையும் ஓர் அமைதிக் கோலமாக எண்ணினால் மொத்தம் நான்கு. ஐந்தாவது இருக்க முடியாது. ஏனென்றால் மேல் நிரை முடிவானால் மற்றதெல்லாம் கட்டாயம், மேல் நிரையின் 32 தேர்வுகளில் மிச்சம் வைக்காதவை நான்குதான். ஆகவே தீர்வுள்ள ஒவ்வொரு பலகைக்கும் சரியாக நான்கு தீர்வுகள். ஒன்று கிடைத்தால் அதன்மேல் அமைதிக் கோலங்களைப் போட்டு மற்ற மூன்றையும் பெற்று, மிகச் சிறியதைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாம் எரியும் பலகைக்கு இந்தத் தேர்வால் லாபமில்லை, நான்கும் பதினைந்துதான்.

இந்தக் கோலங்களை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல் கோலத்தின் 1 உள்ள பன்னிரண்டு இடங்களைப் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். அமைதிக் கோலம் என்றால் ஒவ்வொரு விளக்கையும் அது இரட்டை முறை தொடுகிறது என்று பொருள். அதாவது எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அந்தக் கட்டமும் அண்டைகளும் சேர்ந்த கூட்டல் வடிவத்துக்குள் குறித்த இடங்கள் இரட்டை எண்ணிக்கையில்தான் இருக்கும். இப்போது நீங்கள் பலகையில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தக் கூட்டல் வடிவத்துக்குள் குறித்த விளக்குகள் இரட்டை எண்ணிக்கையில் நிலை மாறுகின்றன. ஆகவே குறித்த பன்னிரண்டு இடங்களில் எரியும் விளக்குகளின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம், ஆனால் ஒற்றை இரட்டையாகாது, இரட்டை ஒற்றையாகாது.

பலகை இருளும்போது அந்த எண்ணிக்கை பூஜ்யம், இரட்டை. ஆகவே தொடக்கத்தில் அது ஒற்றையாக இருந்தால் எத்தனை மணிநேரம் அழுத்தினாலும் பலகை இருளாது. இரண்டாம் கோலத்துக்கும் இதே சோதனை. இரண்டில் ஒன்று ஒற்றையானாலும் தீர்வில்லை.

இரண்டும் இரட்டையானால் தீர்வு உறுதியா? உறுதி, எண்ணிப் பார்த்தாலே தெரியும். மொத்தத் தேர்வுகள் 2^25. நான்கு நான்கு தேர்வுகள் ஒரே விளைவைத் தருவதால், இருண்ட பலகையிலிருந்து அடையக்கூடிய நிலைகள் அதில் நான்கில் ஒன்று, 83,88,608. இரண்டு சோதனைகளிலும் இரட்டை வரும் நிலைகளும் மொத்த நிலைகளில் சரியாக நான்கில் ஒன்றுதான். அடையக்கூடியவை எல்லாம் சோதனையில் தேறியாகவேண்டும், இரண்டின் எண்ணிக்கையும் ஒன்று. எனவே இரண்டும் ஒரே கூட்டம். மார்லோ ஆண்டர்சனும் டாட் ஃபீலும் 1998இல் நேரியல் இயற்கணிதம் கொண்டு இதை எழுதினார்கள். ஐந்துக்கு ஐந்து பலகைக்கு மட்டும் போதும் என்றால் அணிகளே இல்லாமல் முடிகிறது.

ஒரே ஒரு விளக்கு எரியும் பலகைகளில் சோதித்துப் பாருங்கள். அந்த விளக்கு இரண்டு கோலங்களிலும் 0 உள்ள இடத்தில் இருந்தால் மட்டுமே தீர்வு உண்டு. அப்படிப்பட்ட இடங்கள் ஐந்துதான்: நடுவிளக்கும், இரண்டாம், நான்காம் நிரைகளின் 2, 4 ஆகிய இடங்களும். மூலையில் ஒற்றை விளக்கு மட்டும் எரிகிறது, அணைக்க முடியவில்லை என்று யாராவது வந்தால் அவரது திறமையைச் சந்தேகிக்க வேண்டாம்.

தற்போக்காக விளக்குகளை எரியவைத்துப் புதிர் தரும் நிரல்கள் இந்தக் குழியில்தான் விழுகின்றன. நான்கில் மூன்று பலகைகளுக்குத் தீர்வே இருக்காது. சரியான வழி, இருண்ட பலகையில் தொடங்கித் தற்போக்காகப் பொத்தான்களை அழுத்துவது.

விரட்டும்போது தவறான பொத்தானை அழுத்திவிட்டால் எப்படித் தெரியும் என்பதற்கும் இதில் பதில் உண்டு. தவறான அழுத்தமும் ஓர் அழுத்தமே, அதுவும் அந்த இரண்டு எண்ணிக்கைகளின் ஒற்றை இரட்டையைக் கெடுக்காது. அதனால் மேல் நான்கு நிரைகளும் உண்மையிலேயே இருண்டிருந்தால், நடுவில் நீங்கள் எப்படிக் குழப்பியிருந்தாலும் கடைசி நிரையில் ஏழு வகை மிச்சங்களில் ஒன்றுதான் வரமுடியும். பட்டியலின் ஐந்து, `1 0 0 0 1`, மற்றும் `0 1 0 1 0`. கடைசியானதற்கு மேல் நிரையில் 1, 4 அழுத்தவேண்டும். இந்த ஏழில் சேராதது மிஞ்சினால், கருவியில் விளையாடுபவருக்கு அது தொடக்கத்திலேயே தீர்வில்லாத பலகை. காகிதத்தில் போட்டுப் பார்ப்பவர் என்றால் எங்கோ ஒரு விளக்கை மாற்ற மறந்திருக்கிறார். காகிதத்தில் செய்யும்போது ஒவ்வொரு நிரை முடிந்ததும் இரண்டு கோலங்களிலும் எரிபவற்றை எண்ணிக்கொள்வது நல்லது. ஒற்றை விழுந்தால் பிழை அந்தப் படியிலேயே இருக்கிறது. இரட்டையாகவே இருந்தால் பிழையில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு கோலங்களிலும் 0 உள்ள ஐந்து இடங்களில் நேரும் தவறு இந்தச் சோதனைக்குத் தெரியாது.

நாம் தீர்த்த பலகை, எல்லாம் எரிவது, தற்செயலாகத் தேறியதா? இல்லை. எந்த வடிவப் பலகையானாலும், எந்தெந்தக் கட்டங்கள் அண்டை என்று எப்படி வைத்தாலும், அண்டை உறவு இருபக்கமும் செல்லுமானால் எல்லாம் எரியும் நிலைக்குத் தீர்வு உண்டு. கிளாவுஸ் சுட்னர் 1989இல் நிறுவியது இது. இதற்குள்ளும் ஒற்றை இரட்டைதான் வேலை செய்கிறது. ஏதோ ஓர் அமைதிக் கோலத்தை எடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானின் விளக்கும் இரட்டை முறை தொடப்படுகிறது, அதில் ஒன்று அதன் சொந்த அழுத்தம். ஆகவே கோலத்துக்குள் அதற்கு அண்டைகள் ஒற்றை எண்ணிக்கையில் இருக்கவேண்டும். இப்போது கோலத்தின் எல்லாப் பொத்தான்களின் அண்டை எண்ணிக்கைகளையும் கூட்டுங்கள். ஒவ்வோர் அண்டை உறவும் இரு பக்கத்திலிருந்தும் எண்ணப்படுவதால் கூட்டுத்தொகை இரட்டை. ஒற்றை எண்களைக் கூட்டி இரட்டை வந்திருக்கிறது என்றால், கூட்டிய எண்களே இரட்டை எண்ணிக்கையில் இருக்கவேண்டும். எனவே எந்த அமைதிக் கோலத்திலும் பொத்தான்கள் இரட்டை எண்ணிக்கையில்தான் இருக்கும். நம் பலகையில் அவை 12, 12, 16. எல்லாம் எரியும்போது கோலத்தின் அத்தனை இடங்களும் எரிகின்றன, அந்த எண்ணிக்கை இரட்டை, சோதனை தேறுகிறது. ஒற்றை வந்தால் தீர்வில்லை, இரட்டை வந்தால் தீர்வு உண்டு என்ற சோதனை மற்றப் பலகைகளுக்கும் பொருந்தும். அங்கே அமைதிக் கோலங்களின் எண்ணிக்கை மட்டும் மாறும்.

அந்த எண்ணிக்கை பலகையின் அளவைப் பொறுத்து விசித்திரமாகத் தாவுகிறது. மூன்றுக்கு மூன்று பலகையில் வெறும் பலகையைத் தவிர அமைதிக் கோலமே இல்லை. அதனால் எல்லா நிலைகளும் தீரும், ஒவ்வொன்றுக்கும் ஒரே தீர்வு. ஆறுக்கு ஆறும் அப்படியே. ஒன்பதுக்கு ஒன்பதில் 256 கோலங்கள். நான்குக்கு நான்கில் 16. மேல் நிரையின் தேர்வுகளும் அங்கே 16தான் என்பதைக் கவனியுங்கள். மேல் நிரையில் எதை அழுத்தினாலும் கடைசி நிரையில் மிச்சமே வராது என்று இதற்குப் பொருள். நான்குக்கு நான்கு பலகையில் தீர்வு இருந்தால், பட்டியல் எதுவும் தேவையில்லாமல் ஒரே விரட்டலில் முடிந்துவிடும். கடைசி நிரையில் ஒரு விளக்காவது மிஞ்சினால் அந்தப் பலகைக்குத் தீர்வு இல்லை, மறுபடி முயலவேண்டியதும் இல்லை.